திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் வந்தால் அறிக்கையில் எப்படி எழுதுவது?

*ஐயா, வலிகாமத்தில் உள்ள ஒரு சனசமூக நிலையத்துக்கு இந்த வருடம்தான் செயலாளராகத் தெரிவானேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிலைய வளவைச் சுற்றிவர மதில் கட்ட ஒரு பிரேரணை வந்தது. வீதிப் பக்கம் மட்டும் போதும் என்று ஒருவர் திருத்தம் சொன்னார். கிழக்குப் பக்கத்தையும் சேருங்கோ என்று இன்னொருவர் அந்தத் திருத்தத்துக்கே திருத்தம் சொன்னார். 15 இலட்சம் கூடிப்போச்சு, 10 ஆக்குங்கோ என்றும் ஒரு குரல் வந்தது. கடைசியில் தலைவர் "சரி, எல்லாத்தையும் சேர்த்துக் கையை உயர்த்துங்கோ" என்றார், உயர்த்தினார்கள். நான் "திருத்தங்களுடன் பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதினேன். இப்போது மேசன் வந்து எத்தனை பக்கம் என்று கேட்கிறார். தலைவர் இரண்டு என்கிறார், பொருளாளர் ஒன்று என்கிறார். இப்படி வந்தால் எப்படி எழுதவேண்டும்? தோற்றுப்போன திருத்தங்களையும் எழுதவேண்டுமா? எழுதியதை இனி மாற்றலாமா?*

*— செயலாளர், வலிகாமம்*

பிள்ளை, உங்கள் கொப்பியில் வில்லங்கம் கிடப்பது ஒரே ஒரு சொல்லில்: "திருத்தங்களுடன்". எந்தத் திருத்தம், அது புகுந்த பிறகு பிரேரணை எப்படி இருந்தது என்று அந்தச் சொல் எதுவும் சொல்லாது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அன்று பின்னேரம் விளங்கியிருக்கும். இரண்டு கிழமை போனதும் அவரவர் ஞாபகத்தில் அவரவர் விரும்பிய மதில்தான் நிற்கும். தலைவரோ பொருளாளரோ பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. தாங்கள் எதற்குக் கை உயர்த்தியதாக நினைத்தார்களோ அதைத்தான் இருவரும் சொல்கிறார்கள்.

உள்ளூராட்சிச் சபையில் செயலாளராக இருந்த காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகு சங்கங்களின் அறிக்கைப் புத்தகங்களைப் பார்த்துக் கொடுக்கும்போதும், நான் வைத்துப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான். கூட்டத்துக்கு வராத ஒருவர், விவாதத்தை வாசிக்காமல், கடைசியாக வாக்குக்கு விட்ட வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கலாமா? உங்கள் விஷயத்தில் அந்த ஒருவர் மேசன். நாளைக்கு அது கணக்காய்வாளராக இருக்கலாம், உங்களுக்கு அடுத்து வரும் செயலாளராக இருக்கலாம். ஆகவே எத்தனை திருத்தம் வந்தாலும், கடைசியாக வாக்குக்குப் போன பிரேரணை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை ஒரே இடத்தில், தனிப் பந்தியாக இருக்கவேண்டும். "மேலே உள்ளதோடு சேர்த்து வாசிக்கவும்" என்று விட்டால் வாசிப்பவர் தானே ஒரு தீர்மானத்தைக் கட்டிக்கொள்வார்.

அதை எழுதுவதற்கு முதல், கூட்டத்தில் எது எதற்கு மேல் ஏறி நின்றது என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். பிரேரணை என்பது செய்யப்போகும் காரியம். திருத்தம் அந்தப் பிரேரணையின் சொற்களை மாற்றச் சொல்வது. திருத்தத்துக்கான திருத்தம், அதை நான் சுருக்கமாக உபதிருத்தம் என்று எழுதுவேன், அந்தத் திருத்தத்தின் சொற்களை மாற்றச் சொல்வது. உபதிருத்தம் பிரேரணையை நேரடியாகத் தொடவே தொடாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வாக்கெடுக்கும் வரிசை உடுப்புக் கழற்றுவது மாதிரி: கடைசியாகப் போட்டதுதான் முதலில் கழரும். முதலில் உபதிருத்தம். அது வென்றால் மாறிய வடிவில், தோற்றால் பழைய வடிவில், திருத்தம் வாக்குக்கு வரும். அப்புறம், திருத்தம் வென்றால் மாறிய வடிவில், தோற்றால் பழையபடி, பிரேரணை வாக்குக்கு வரும். ஆகக் குறைந்தது மூன்று தரம் கை உயரவேண்டும். "எல்லாத்தையும் சேர்த்து" என்று ஒரே தரத்தில் முடித்த இடத்தில்தான் உங்கள் மதில் காணாமல் போனது.

மூன்றாவது வாக்கெடுப்பைத்தான் நம் சங்கங்களில் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். திருத்தம் வென்றதும் கைதட்டுவார்கள், தேத்தண்ணி வந்துவிடும், தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ஆனால் அதுவரை சபை முடிவெடுத்தது பிரேரணை எந்தச் சொற்களில் இருக்கவேண்டும் என்பதைத்தான். மதில் கட்டுவதா இல்லையா என்று இன்னும் கேட்கவே இல்லை. மதிலே வேண்டாம், கிடுகு வேலியே போதும் என்று நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் கட்டத்தான் போகிறார்கள் என்றால் ஒரு பக்கத்தோடாவது நிற்கட்டும் என்று அவர் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்துவார். பிறகு பிரேரணைக்கு எதிராக உயர்த்துவார். இரண்டும் முறையானவைதான். மூன்றாவது வாக்கெடுப்பை விட்டால் அவருடைய எதிர்ப்பு, ஆதரவு என்று பதிவாகிவிடும்.

செலவைக் குறைக்கச் சொன்ன குரலுக்கு வருவோம். அது உபதிருத்தம் அல்ல. அப்போது சபையில் இருந்த திருத்தம் பேசியது எந்தப் பக்கம் என்பதைப் பற்றி. தொகை பிரேரணையின் வேறொரு இடத்தில் கிடக்கிறது. திருத்தம் அதைத் தொடவில்லை. ஒருவர் மாற்றச் சொல்லும் சொல் திருத்தத்துக்குள் இருக்கிறதா, பிரேரணையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தத்துக்குள் இருந்தால் உபதிருத்தம். பிரேரணையில் மட்டும் இருந்தால் அது தனித் திருத்தம். கையில் இருக்கும் திருத்தம் முடிந்த பிறகு வரவேண்டியது. தலைவர் "அண்ணை, உங்கடை விஷயத்துக்குப் பிறகு வாறன்" என்று சொல்லி, நீங்கள் அவருடைய பெயரை ஓரத்தில் குறித்து வைத்திருந்தால் போதும். மறந்துபோய் விட்டால் அவர் தன் திருத்தமும் "சேர்த்து" நிறைவேறியதென்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

கிழக்குப் பக்கம் பற்றிய உபதிருத்தம் நிற்கும்போதே "அதோடு தெற்கையும் சேருங்கோ" என்று ஒருவர் எழும்பினால் அது மூன்றாவது படி. பொதுவாக எந்தச் சபை நடைமுறையும் அதை அனுமதிப்பதில்லை. 1876 இல் அமெரிக்காவில் ஹென்றி ரொபேட் என்ற இராணுவப் பொறியியலாளர் வெளியிட்ட கூட்ட விதிகள் இன்றும் பல நாடுகளில் கையாளப்படுகின்றன. அவையும் இரண்டு படியோடு நிறுத்தச் சொல்கின்றன. காரணம் எளிது: அதற்கு மேல் போனால் எதற்கு வாக்களிக்கிறோம் என்று எவருக்கும் தெரியாது. தெற்குக்காரர் செய்யக்கூடியது, கிழக்கு பற்றிய முடிவு வரும்வரை பொறுத்திருந்து, பிறகு தன்னுடையதைப் புதிய உபதிருத்தமாகக் கொண்டுவருவது. சில சங்கங்களின் யாப்பு உபதிருத்தத்தையே அனுமதிக்காது, ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் என்று இருக்கும். ஆகவே இங்கே எழுதியதையெல்லாம் கடைப்பிடிக்க முதல் உங்கள் நிலையத்தின் யாப்பைத் தூசு தட்டி எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளதுதான் முதல். நான் சொல்வது அதற்குப் பிறகு.

இனி எழுத்து. நல்ல அறிக்கை கூட்டம் நடக்கும்போதே பாதி எழுதி முடிந்துவிடும். பிரேரணையைக் கூட்டத்துக்கு முதலே முழு வசனமாக வாங்கி வையுங்கள். திருத்தம் சொல்ல எழும்புபவரிடம் அரைத் தாளும் பேனையும் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். "வீதிப் பக்கம் மட்டும் போதும்" என்பது அபிப்பிராயம், திருத்தம் அல்ல. திருத்தம் என்றால் எந்தச் சொல்லை நீக்குவது, எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று இருக்கவேண்டும். தமிழில் இதற்கு ஒரு கவனம் கூடுதலாகத் தேவை. "சுற்றிவர" என்பதை மட்டும் எடுத்துவிட்டு "வீதிப் பக்கத்தில்" என்று வைத்தால் "வளவை வீதிப் பக்கத்தில் மதில் கட்டுவது" என்று வசனம் நொண்டும். உருபும் சேர்ந்து மாறவேண்டும். அதனால் ஒற்றைச் சொல்லைப் பிடிக்காமல், "வளவைச் சுற்றிவர" என்ற முழுத் தொடரையும் நீக்கி "வளவின் வீதிப் பக்கத்தில்" என்ற முழுத் தொடரையும் போடச் சொல்லுங்கள். எழுதுபவருக்கு இது தெரியாவிட்டால் நீங்களே எழுதி, "இதைத்தானே சொல்லுறியள்?" என்று வாசித்துக் காட்டி, ஓம் என்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முதல் தலைவர், அல்லது தலைவர் கேட்டால் நீங்கள், "இது நிறைவேறினால் வசனம் இப்படி இருக்கும்" என்று உரக்க வாசிக்கவேண்டும். தலைவர் அவசரப்பட்டால் "கொஞ்சம் பொறுங்கோ, வசனத்தை எழுதி முடிக்கிறன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. புதிதாக வந்த செயலாளர்கள் அதற்குக் கூச்சப்படுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டால், பிறகு மேசன் முன்னால் நின்று விழிக்கவேண்டி வரும்.

உங்கள் கூட்டம் முறைப்படி நடந்திருந்தால் அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று எழுதிக் காட்டுகிறேன். வாக்கு எண்ணிக்கைகள் உதாரணத்துக்கு நான் போட்டவை. பெயர் வரும் இடத்தில் எழுத்துகளை வைத்திருக்கிறேன்.

> விடயம் 6: வளவு மதில்
>
> பிரேரணை: "நிலைய வளவைச் சுற்றிவர மதில் கட்டுவதெனவும், அதற்கு நிலைய நிதியிலிருந்து 15 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமல் செலவிடுவதெனவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது." முன்மொழிந்தவர் அ. வழிமொழிந்தவர் ஆ.
>
> திருத்தம்: பிரேரணையில் "வளவைச் சுற்றிவர" என்பதை நீக்கி, "வளவின் வீதிப் பக்கத்தில்" எனச் சேர்த்தல். முன்மொழிந்தவர் இ. வழிமொழிந்தவர் ஈ.
>
> உபதிருத்தம்: திருத்தத்தில் "வீதிப் பக்கத்தில்" என்பதை நீக்கி, "வீதிப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும்" எனச் சேர்த்தல். முன்மொழிந்தவர் உ. வழிமொழிந்தவர் ஊ.
>
> உபதிருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 24, எதிர் 13. நிறைவேறியது. இதன்படி திருத்தம்: "வளவைச் சுற்றிவர" என்பதை நீக்கி, "வளவின் வீதிப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும்" எனச் சேர்த்தல்.
>
> இவ்வாறு மாறிய திருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு 29, எதிர் 9. நிறைவேறியது.
>
> பிரேரணையின் இறுதி வடிவம்: "நிலைய வளவின் வீதிப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும் மதில் கட்டுவதெனவும், அதற்கு நிலைய நிதியிலிருந்து 15 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமல் செலவிடுவதெனவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது."
>
> இவ்வடிவத்தைத் தலைவர் சபைக்கு வாசித்து வாக்குக்கு விட்டார். ஆதரவு 33, எதிர் 4. நிறைவேறியது.

மேசனுக்கு "இறுதி வடிவம்" என்ற பந்தி ஒன்றே போதும். மேலே உள்ளவை, இது எப்படி இங்கே வந்தது என்று பிறகு கேட்பவர்களுக்கு. யார் என்ன பேசினார், யார் யாரோடு கொளுவினார் என்பது எதுவும் இதில் இல்லை என்பதையும் பாருங்கள். கொளுவியதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, எதற்கு வாக்களித்தார்கள் என்பதை ஒரே வரியில் முடித்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாக்கெடுப்பின் கூட்டுத்தொகையும் 37, 38, 37 என்று வித்தியாசமாக இருக்கிறது. ஒருவர் ஒன்றில் நடுநிலையாக இருந்திருப்பார், இன்னொருவர் வெளியே போய் வந்திருப்பார். அதைச் சமப்படுத்த வெளிக்கிடாதீர்கள். எண்ணியது எதுவோ அதை எழுதுங்கள். "ஏகமனதாக" என்ற சொல்லையும் பழக்கத்தில் போடாதீர்கள். எதிர்த்து ஒரு கையும் உயராதபோது மட்டும்தான் அது பொருந்தும். எதிர்ப்பு இருந்து, எண்ணிப் பார்க்காமல் தலைவர் பெரும்பான்மை என்று அறிவித்தால் "பெரும்பான்மையால் நிறைவேறியது" என்று எழுதினால் சரி.

தொகையைக் குறைக்க விரும்பியவர் எங்கே வருவார்? திருத்தம் நிறைவேறியதற்கும் பிரேரணையின் இறுதி வாக்கெடுப்புக்கும் இடையில். அப்போது "15 இலட்சம்" நீக்கி "10 இலட்சம்" சேர்ப்பது என்று இரண்டாம் திருத்தமாக அவர் முன்மொழியலாம். அதை "இரண்டாம் திருத்தம்" என்றே தலைப்பிட்டு எழுதுங்கள், முதலாவதோடு கலக்காதீர்கள். அதன் முடிவு தெரிந்த பிறகுதான் "இறுதி வடிவம்" என்ற சொல்லைக் கொப்பியில் எழுதலாம். அதுவரை "இதன்படி பிரேரணை" என்று மட்டும் போடுங்கள். இரண்டு இடத்தில் "இறுதி வடிவம்" இருக்கும் அறிக்கை, இறுதி வடிவமே இல்லாத அறிக்கையை விட மோசம்.

எல்லாம் வென்றால் எழுதுவது சுலபம். கை வழுக்குவது, உபதிருத்தம் வென்று திருத்தம் தோற்கும்போது. கிழக்கைச் சேர்க்கும் உபதிருத்தம் 24 க்கு 13 என்று வென்றது என்று வையுங்கள். பிறகு அந்தத் திருத்தமே 17 க்கு 20 என்று தோற்றது. இப்போது கிழக்கு என்ன ஆனது? திருத்தத்தோடு அதுவும் போய்விட்டது. அது திருத்தத்தின் சொற்களில் மட்டும்தான் இருந்தது. அந்தத் திருத்தமே இல்லையென்றால் அதற்கு நிற்க இடமில்லை. ஆனால் 24 பேர் கை உயர்த்தியது எல்லோர் கண்ணிலும் நிற்கும். "கிழக்கு அண்டைக்கு பாஸ் ஆனது தானே" என்று பிறகு கட்டாயம் ஒருவர் சொல்லுவார். அந்த இடத்தில் அறிக்கையில் ஒரு வசனம் கூட எழுதுங்கள்: "திருத்தம் தோல்வியுற்றதால், பிரேரணை முதலில் முன்வைக்கப்பட்ட வடிவிலேயே வாக்குக்கு வந்தது." அதன் கீழே, மேலே ஒருதரம் எழுதியாகிவிட்டதே என்று பார்க்காமல், "வளவைச் சுற்றிவர" என்று தொடங்கும் முழு வசனத்தையும் மறுபடி எழுதுங்கள். சொற்கள் ஒன்றும் மாறாவிட்டாலும், வாக்குக்குப் போனது இதுதான் என்று காட்ட அது அங்கே இருக்கவேண்டும்.

இதன் மறுபக்கம், உபதிருத்தம் தோற்றுத் திருத்தம் வென்றால், "திருத்தம் முன்வைக்கப்பட்டபடியே" வாக்குக்கு வந்ததென்று எழுதி, இறுதி வடிவத்தில் வீதிப் பக்கம் மட்டும் வருவதைச் சரிபாருங்கள். வேறு ஒன்றும் இல்லை.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். பிரேரணை கொண்டுவந்தவர் திருத்தத்தைக் கேட்டவுடன் "அதை நான் ஏற்றுக்கொள்ளுறன்" என்பார். தலைவர் "சரி, அவரே ஒத்துக்கொண்டார்" என்று வாக்கெடுக்காமல் தாண்டிவிடுவார். பிரேரணை சபை முன் வைக்கப்பட்ட பிறகு அது சபையின் சொத்து, கொண்டுவந்தவரின் தனிச் சொத்து அல்ல. அவர் ஒத்துக்கொண்டது மட்டும் போதாது. தலைவர் "ஆருக்கும் ஆட்சேபணை உண்டா?" என்று ஒருதரம் கேட்கவேண்டும். எவரும் வாய் திறக்காவிட்டால், "எவரும் ஆட்சேபிக்காததால் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதலாம். ஒருவர் ஆட்சேபித்தாலும் வாக்கெடுப்புத்தான். "முன்மொழிந்தவர் ஏற்றுக்கொண்டார்" என்று மட்டும் எழுதினால், சபை ஏற்றதா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

தோற்ற திருத்தங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மேலே சொன்ன ரொபேட் விதிகளின்படி தோற்ற பிரேரணை அறிக்கையில் வரவேண்டும். தோற்ற திருத்தம் கட்டாயம் வரவேண்டியதில்லை. ஆனால் காசும் காணியும் எல்லையும் சம்பந்தப்பட்ட விஷயங்களில் தோற்றதையும் எழுதுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கிழக்குப் பக்கத்து வளவுக்காரர் நாளைக்கு வந்து கேட்கும்போது, அது பேசப்படவே இல்லையா, பேசித் தோற்றதா என்று காட்ட ஒரு வரி இருந்தால் உங்களுக்கு நிம்மதி. ஆண்டு விழாவுக்கு எந்த நாள் என்பதில் தோற்ற திருத்தங்களை நான் எழுதமாட்டேன். எழுதுவதானால் முன்மொழிந்தவர், சொற்கள், எண்ணிக்கை, "தோல்வியுற்றது" என்பதோடு நிறுத்துங்கள். ஏன் தோற்றது என்பது உங்கள் வேலை அல்ல.

எழுதியதை மாற்றுவது பற்றி. இதில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கிடக்கிறது, பிரித்துப் பார்க்கவேண்டும்.

கூட்டத்தில் நடந்தது தெளிவாக இருந்து, நீங்கள் எழுதியது மட்டும் பிழையாக இருந்தால், அடுத்த கூட்டத்தில் சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கும்போது திருத்தலாம். பக்கத்தைக் கிழிக்கவோ வெள்ளை பூசி மறைக்கவோ கூடாது. பிழையான வரிக்கு மேலால் ஒற்றைக் கோடு, பழையது வாசிக்கத் தெரியும்படி. பக்கத்தில் சரியான சொற்கள். தலைவரும் நீங்களும் திகதியோடு சிறுகையொப்பம். அந்தக் கூட்டத்தின் அறிக்கையிலும், எந்த வரி எப்படித் திருத்தப்பட்டு உறுதிப்படுத்தப்பட்டது என்று ஒரு வசனம்.

உங்கள் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் எழுதியதில் தெளிவில்லாமல் போனதற்குக் காரணம், வாக்கெடுப்பிலேயே தெளிவில்லை. அறிக்கையை உறுதிப்படுத்துவது என்றால் நடந்தது இதுதான் என்று சபை ஒத்துக்கொள்வது. நடக்காத ஒன்றை அந்த வழியாக உள்ளே கொண்டுவர முடியாது. அடுத்த கூட்டத்தில் தலைவர் "இரண்டு பக்கம் என்று போடுங்கோ" என்றால் போடாதீர்கள். நிர்வாக சபை கூடி "நாங்கள் கருதியது இதுதான்" என்று எழுதுவதும் சரிவராது, ஏனென்றால் முடிவெடுத்தது பொதுக்கூட்டம். "ஏகமனதாக" என்ற சொல் பிழையென்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதை மட்டும் மேற்சொன்ன முறையில் திருத்தலாம். "திருத்தங்களுடன்" என்பதை அப்படியே விடுங்கள்.

செய்யவேண்டியது, விஷயத்தைப் பொதுக்கூட்டத்துக்கே திருப்பிக் கொண்டுபோவது. விசேட பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் அறிவித்தல், எத்தனை பேர் வரவு என்று யாப்பில் பாருங்கள். பிரேரணையின் முழு வசனத்தையும் அறிவித்தல் கடிதத்திலேயே போடுங்கள், எவரும் திடீரென்று கேட்டதாகச் சொல்லாமல் இருக்க. வசனம் இப்படி இருக்கலாம்: "சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வளவு மதில் தொடர்பாக எடுக்கப்பட்ட தீர்மானத்துக்குப் பதிலாக, நிலைய வளவின் வீதிப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும் மதில் கட்டுவதெனவும், அதற்கு நிலைய நிதியிலிருந்து 15 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாமல் செலவிடுவதெனவும் இப்பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது." இதில் "பதிலாக" என்ற சொல் முக்கியம். அது இல்லாவிட்டால் பழைய தெளிவில்லாத தீர்மானமும் புதியதும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருக்கும். பக்கங்களையும் தொகையையும் நான் உதாரணத்துக்குத்தான் போட்டேன். தலைவரும் பொருளாளரும் முதலில் உட்கார்ந்து கதைத்து எதை முன்வைப்பது என்று தீர்மானிக்கட்டும். ஒத்துவராவிட்டால் ஒருவர் பிரேரணையாகவும் மற்றவர் திருத்தமாகவும் கொண்டுவரட்டும். உங்களுக்கு அது பிரச்சினை இல்லை, எழுதும் முறை இப்போது கையில் இருக்கிறது.

அதுவரை மேசனுக்கு முற்பணம் கொடுக்கவேண்டாம் என்று பொருளாளருக்குச் சொல்லுங்கள். கல்லும் மணலும் பறிக்க ஆயத்தமாக இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். வளவுக்குள் வந்து இறங்கிய கல்லைக் காட்டி "இனி என்ன கூட்டம்" என்று கேட்க நம்மிடையே ஆட்கள் இருக்கிறார்கள்.